1 லட்சம் சப்ஸ்கிரைபர்ஸ் வந்தாச்சு: இன்னும் கேட்காமல் நன்றி மட்டும் சொல்வது எப்படி?

நீங்கள் யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு பக்கம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் இரவு அந்த எண் மாறுகிறது. 10 ஆயிரமோ 1 லட்சமோ, நீங்கள் மாதக்கணக்கில் காத்திருந்த எண். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறீர்கள். கேப்ஷன் பெட்டியைத் திறந்ததும் விரல்கள் தானாகவே தட்டுகின்றன: "உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் கோடான கோடி நன்றி, இதே ஆதரவைத் தொடர்ந்து குடுங்க."

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தோம். ஆனால் இரண்டாவது வரியிலேயே மறுபடி ஒன்றைக் கேட்டுவிட்டோம். கல்யாணத்துக்கு மொய் எழுதியவரை வாசலில் நிறுத்தி, "அடுத்த விசேஷத்துக்கும் இதே மாதிரி எழுதிடுங்க" என்று சொல்வது போன்றது இது. சொல்பவர் தப்பாக நினைத்துச் சொல்லவில்லை, ஆனால் கேட்பவருக்கு முன்னால் சொன்ன நன்றி மறந்துபோகும்.

நன்றி எந்த இடத்தில் வேண்டுகோளாக மாறுகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, வேண்டுகோளை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை எழுதுவது? ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

நன்றியா, வேண்டுகோளா? வினைச்சொல்லைப் பாருங்கள்

இதைக் கண்டுபிடிக்கத் தமிழிலேயே ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. எழுதிய கேப்ஷனில் வாசகரைப் பார்த்துப் பேசும் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்து எழுதுங்கள்.

"பார்த்தீங்க, கேட்டீங்க, திருத்தினீங்க, காத்திருந்தீங்க" என்று முடிந்தால் அது நன்றி. அவர்கள் ஏற்கெனவே செய்ததைச் சொல்கிறீர்கள். "பாருங்க, குடுங்க, ஷேர் பண்ணுங்க, மறக்காம பெல் பட்டனை அழுத்துங்க" என்று முடிந்தால் அது வேண்டுகோள். அவர்கள் இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இறந்த காலமும் ஏவலும்தான். கேப்ஷனில் ஒரு ஏவல் வினைகூட இல்லையென்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

மீதிப் பாதி கொஞ்சம் கஷ்டம். சில வாக்கியங்களில் ஏவல் வினையே இருக்காது, ஆனால் கேட்பது மட்டும் இருக்கும். மூன்று வகைகள் அடிக்கடி வருகின்றன.

ஒன்று, இலக்கு. "அடுத்த டார்கெட் 2 லட்சம்!" என்பதில் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் இப்போது வந்து சேர்ந்த 1 லட்சம் பேரை அந்த வரி பாதி வழியில் நிற்பவர்களாக மாற்றிவிடுகிறது. கொண்டாட்டத்துக்கு ஒருநாள்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு, பாரம். "நீங்க இல்லன்னா நான் இல்ல" என்று எழுதும்போது உருக்கமாகத்தான் இருக்கும். படிப்பவரிடம் அது ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறது. நாளைக்கு அவர் அன்ஃபாலோ செய்தால் உங்களைக் கைவிட்டவர் ஆகிவிடுவாரா? நன்றி சொல்பவர், வாங்கியவரின் தலையில் சுமை ஏற்றக் கூடாது.

மூன்று, கேள்வி. "உங்களுக்குப் பிடிச்ச வீடியோ எது?" என்பது பார்க்க அன்பான கேள்விதான். ஆனால் நன்றிப் பதிவின் கடைசி வரியில் வந்தால், அது பெரும்பாலும் கமெண்ட் எண்ணிக்கைக்காக வைத்த கேள்வியாகவே தெரியும். நிஜமாகவே பதில் வேண்டுமென்றால் இரண்டு நாள் கழித்துத் தனிப் பதிவாகக் கேளுங்கள். பதிலும் அப்போதுதான் உருப்படியாக வரும்.

கேட்டால் என்ன தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை. சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை. சிக்கல் அதைச் சொல்லும் இடத்தில் இருக்கிறது.

உங்கள் நன்றிப் பதிவு யாருடைய திரையில் முதலில் வரும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே உங்களைப் பின்தொடர்பவர்களின் திரையில்தான். "இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிடுங்க" என்ற வரியைப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் அதை என்றோ செய்துவிட்டவர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிடம் "உள்ளே வாங்க" என்று சொல்வதால் வெளியே நிற்பவருக்குக் கேட்காது.

தளங்களின் விதி என்று பார்த்தாலும் ஒரு காரணம் உண்டு. லைக், ஷேர், டேக், கமெண்ட் ஆகியவற்றைச் செயற்கையாகத் தூண்டும் பதிவுகளை நியூஸ் ஃபீடில் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரில் அறிவித்தது. "ஆமான்னா லைக், இல்லன்னா ஷேர்", "மூணு நண்பர்களை டேக் பண்ணுங்க" போன்றவைதான் குறி. உதவி கேட்பது, காணாமல் போனவரைத் தேடுவது போன்ற பதிவுகள் இதில் சேராது என்றும் அப்போதே சொன்னது. நன்றி கேப்ஷனின் அடியில் "10 பேருக்கு ஷேர் பண்ணுங்க" என்று ஒட்டினால், நல்ல பதிவையும் நாமே அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறோம்.

சரி, அப்போ என்னதான் எழுதுறது?

வேண்டுகோளை எல்லாம் அடித்துவிட்டால் பெரும்பாலான கேப்ஷன்களில் மிஞ்சுவது ஒரே வரிதான்: "உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் நன்றி." இதைச் சமையல் சேனலும் போடலாம், பங்குச் சந்தை சேனலும் போடலாம். யாருக்கு, எதற்கு என்பது அதில் இல்லை. காலியான அந்த இடத்தை நிரப்பத்தான் மறுபடி "ஆதரவு தாருங்கள்" வந்து உட்கார்கிறது.

காலி இடத்தை உங்கள் பக்கத்தின் தரவை வைத்து நிரப்ப முடியும். யூடியூப் ஸ்டுடியோவில் அனலிட்டிக்ஸ் பகுதிக்குப் போய், கேப்ஷன் எழுதும் முன் மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். பத்து நிமிட வேலை.

முதலில், எந்த வீடியோ ஆட்களைக் கூட்டி வந்தது? ஒவ்வொரு வீடியோவும் எத்தனை சப்ஸ்கிரைபர்களைச் சேர்த்தது என்று அங்கே வரிசைப்படுத்திப் பார்க்கலாம். அதிகம் பேர் பார்த்த வீடியோவும், அதிகம் பேரைச் சேர்த்த வீடியோவும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாவதுதான் உங்கள் பக்கம் எதற்காக மக்களுக்குத் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லும்.

அடுத்து, பார்த்தவர்கள் யார்? அட்வான்ஸ்டு மோடில் Subscription status என்று ஒரு பிரிவு உண்டு. சப்ஸ்கிரைப் செய்தவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள், செய்யாதவர்கள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று அது பிரித்துக் காட்டும். செய்யாதவர்களின் பங்கு கணிசமாக இருந்தால், உங்கள் சேனலைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒரு பெரிய கூட்டம் அந்த 1 லட்சம் என்ற எண்ணுக்குள்ளேயே இல்லை. அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டுமா, இல்லை "ஏன் இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணல?" என்று கேட்க வேண்டுமா? இரண்டில் எதைச் செய்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் கேப்ஷன் நன்றியா, வசூலா என்பது முடிவாகிறது.

கடைசியாக, கமெண்ட்கள். "சூப்பர் ப்ரோ"க்களைத் தாண்டிப் போங்கள். உங்கள் தப்பைத் திருத்திய கமெண்ட், அடுத்த வீடியோவுக்குக் காரணமான கேள்வி, இப்படி உங்கள் வேலையை மாற்றிய ஒன்றாவது இருக்கும். அதுதான் நன்றிக்கு உரிய விஷயம். ஒரு எச்சரிக்கை: அந்தப் பார்வையாளரின் பெயரையோ ஐடியையோ அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். லட்சம் பேர் முன்னால் நிற்க அவர் சம்மதித்திருக்கவில்லை. செய்த காரியத்தைச் சொன்னாலே, சம்பந்தப்பட்டவருக்குப் புரியும்.

ஓர் உதாரணம்: ரயில் டிக்கெட் சேனல்

ஒரு கற்பனை சேனலை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாதில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப்பெண், ரயில் முன்பதிவு பற்றித் தமிழில் வீடியோ போடுகிறார். வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி, தட்கல் என்று ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கான சேனல். அவருக்கு 1 லட்சம் சப்ஸ்கிரைபர்கள் வந்துவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் ஸ்கிரீன்ஷாட்டுடன் போட, முதலில் இப்படி எழுதுகிறார்:

"1 லட்சம் குடும்பம்! உங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் கோடான கோடி நன்றி. நீங்க இல்லன்னா நான் இல்ல. இதே ஆதரவைத் தொடர்ந்து குடுங்க. இன்னும் சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிடுங்க, நண்பர்களுக்கும் ஷேர் பண்ணுங்க. அடுத்த டார்கெட் 2 லட்சம்!"

வினைச்சொல் சோதனையை வைத்துப் பார்ப்போம். "குடுங்க", "பண்ணிடுங்க", "ஷேர் பண்ணுங்க" என்று மூன்று ஏவல். மறைமுகமாக ஒரு பாரம், ஒரு இலக்கு. ஐந்தையும் அடித்தால் மிஞ்சுவது முதல் இரண்டு வரிகள். அவற்றில் "ரயில்" என்ற சொல்லே இல்லை.

இப்போது அவர் அனலிட்டிக்ஸைத் திறக்கிறார். அதிகம் பேரைச் சேர்த்தது வெயிட்டிங் லிஸ்ட் வீடியோ. அதன் கீழே வந்த கேள்விகளை வைத்துத்தான் அடுத்த 9 வீடியோக்களை எடுத்திருக்கிறார். பார்த்த நேரத்தில் பாதிக்கும் மேல் சப்ஸ்கிரைப் செய்யாதவர்களுடையது. டிக்கெட் போடும் அவசரத்தில் தேடி வந்து, பார்த்துவிட்டுப் போனவர்கள். கமெண்ட்களில் ஒன்று அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்பதிவுக் காலத்தை ரயில்வே 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைத்தது. 2024 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு போட்ட ஒரு வீடியோவில் அவர் பழக்கத்தில் 120 நாள் என்றே சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் ஒருவர் கமெண்ட்டில் திருத்தினார். அந்தத் திருத்தம் வராமல் இருந்திருந்தால், வீடியோவை நம்பி நான்கு மாதத்துக்கு முன்பே டிக்கெட் தேடிச் சிலர் ஏமாந்திருப்பார்கள்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுகிறார்:

"இன்னைக்கு 1 லட்சம் பேர். நன்றி. வெயிட்டிங் லிஸ்ட் வீடியோவுக்குக் கீழ நீங்க கேட்ட கேள்விகள்தான் அடுத்த 9 வீடியோவா ஆச்சு. முன்பதிவு 60 நாளா மாறின பிறகும் நான் 120 நாள்னு சொன்னப்போ, ஒரு மணி நேரத்துல திருத்தினதும் நீங்கதான். டிக்கெட் போடற அவசரத்துல வந்து, சப்ஸ்கிரைப் பண்ணாமலே பாத்துட்டுப் போனவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி."

நான்கு வாக்கியம்தான் சொல்லும்படி இருக்கிறது. ஏவல் வினை இல்லை. இலக்கு இல்லை. இந்தக் கேப்ஷனை வேறு எந்தச் சேனலும் எடுத்துப் போட முடியாது. தன் தப்பையும் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் அழுது வடியவில்லை. சப்ஸ்கிரைப் செய்யாதவர்களைப் பற்றிய கடைசி வரியைக் கவனியுங்கள். முதல் கேப்ஷனிலும் அவர்கள் இருந்தார்கள், கடன் பாக்கி வைத்தவர்கள் போல. இப்போது விருந்தாளிகளாக இருக்கிறார்கள்.

எவ்வளவு நீளம்? தமிழில் ஒரு கணக்குச் சிக்கல்

இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு உச்ச வரம்பு 2,200 கேரக்டர். நன்றிக்கு அது தாராளம். ஆனால் ஃபீடில் ஆரம்பம் மட்டும்தான் தெரியும். மீதியைப் படிக்க more என்பதைத் தட்ட வேண்டும். 125 கேரக்டருக்குள் முக்கியமானதைச் சொல்லிவிடுவது பாதுகாப்பு என்பது பலரும் பின்பற்றும் கணக்கு.

நாம் "எழுத்து" என்று எண்ணுவதும் கணினி "கேரக்டர்" என்று எண்ணுவதும் ஒன்றல்ல. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். "நன்றி" நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: ந, ன, புள்ளி, ற, இகரக் குறி. மேலே உள்ள இரண்டாவது கேப்ஷனில் "ஆச்சு" வரை எண்ணினால் தமிழ் எழுத்துகள் 55தான். எண்கள், இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துக் கணினிக் கணக்கில் 119. அதாவது கிட்டத்தட்ட 125 முடிந்துவிட்டது.

ஆகவே ஆங்கில கேப்ஷன்களைப் பார்த்து நீளத்தை முடிவு செய்யாதீர்கள். எண், நன்றி, ஒரு குறிப்பான காரணம், இந்த மூன்றும் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும். "அன்பார்ந்த சொந்தங்களே, உறவுகளே, நட்புகளே" என்று ஆரம்பித்தால் more தட்டுவதற்கு முன் அதுதான் தெரியும்.

எண் திரும்பக் குறைந்தால்?

இது நடக்கும். மூடப்பட்ட கணக்குகளையும் ஸ்பேம் கணக்குகளையும் யூடியூப் அவ்வப்போது எண்ணிக்கையில் இருந்து நீக்குகிறது. இரவு 1,00,003 என்று பார்த்துவிட்டுப் பதிவு போட்டால், காலையில் 99,980 என்று இருக்கலாம். அப்போது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 99.9K என்றுதான் தெரியும். ஏனென்றால் ஆயிரத்தைத் தாண்டிய சேனல்களுக்கு யூடியூப் பொதுவில் காட்டுவது சுருக்கிய எண், அதையும் கீழ்நோக்கித்தான் சுருக்கும். சரியான எண் ஸ்டுடியோவில் உங்களுக்கு மட்டும் தெரியும்.

எனவே எல்லையைத் தொட்ட நிமிடத்தில் பதிவிட வேண்டியதில்லை. ஓரிரு நாள் பொறுத்து, எண்ணிக்கை ஓரளவு மேலே போய் நிலைத்த பிறகு போடுங்கள். அந்த இரண்டு நாளில்தான் கமெண்ட்களைப் படிக்கும் வேலையும் முடியும்.

பரிசு, பிராண்டு கலந்தால் அது நன்றி மட்டும் அல்ல

"1 லட்சம் கொண்டாட்டம்! இந்தப் பிராண்டின் ஹெட்ஃபோன் 5 பேருக்குப் பரிசு" என்ற பதிவில் பொருளை நிறுவனம் கொடுத்திருந்தால், அது விளம்பரம். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் இன்ஃப்ளூயன்சர் விதிகள் 2021 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளன. இலவசமாகப் பொருள் வாங்கியதையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது அதில் உண்டு. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலும், இந்த அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்கக் கூடாது என்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, அதில் பரிந்துரை செய்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இடம் தருகிறது. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

நன்றியை ஒருநாளும், பரிசை இன்னொரு நாள் "விளம்பரம்" என்ற குறிப்புடனும் போடுவதுதான் சுத்தம்.

நன்றியைப் பொருளாகக் காட்ட வேறு வழியும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த வில்லேஜ் குக்கிங் சேனல் 2021 ஜூலையில் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. அந்த அளவை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். அந்தக் கையோடு அந்தக் குழு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. பார்த்தவர்களால் வந்த பணத்தில் ஒரு பகுதி எங்கே போனது என்பது பார்த்தவர்களுக்கே தெரிந்தது. எல்லோராலும் அவ்வளவு கொடுக்க முடியாது, கொடுக்க வேண்டியதும் இல்லை. வந்தது என்ன ஆனது என்று ஒரு வரி சொல்ல எல்லோராலும் முடியும்: "இந்த வருஷம் வந்த காசுல ஒரு மைக் வாங்கினேன், இனி சத்தம் தெளிவா இருக்கும்."

எனக்கு நிஜமாகவே ஆதரவு தேவைப்படுதே?

நியாயமான கேள்வி. குறிப்பாக 1,000 சப்ஸ்கிரைபர் என்ற முதல் படியில் நிற்பவர்களுக்கு. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் மட்டும் போதாது. கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். 1,000 வந்ததும் பலர் நன்றிப் பதிவிலேயே "இன்னும் 1,500 மணி நேரம் வேணும், வீடியோவை ஓட விட்டுடுங்க" என்று கேட்பதற்கு இதுதான் காரணம். "நீங்க எனக்குப் பண்ணுங்க, நான் உங்களுக்குப் பண்றேன்" என்ற சப்-ஃபார்-சப் ஒப்பந்தமும் இங்கேதான் வரும். அது யூடியூபின் போலி ஈடுபாட்டுக் கொள்கைப்படி தடை செய்யப்பட்டது. அப்படி வந்தவர்கள் வீடியோவைப் பார்க்கவும் மாட்டார்கள், ஆகவே மணி நேரமும் ஏறாது.

தேவை இருந்தால் கேளுங்கள். ஆனால் கேட்பதைத் தனியாக, காரணத்தோடு, கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். புதிதாக வருபவர் பார்ப்பது வீடியோவை. அதனால் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லும் வரி வீடியோவுக்குள், அதில் ஏதாவது பயன் கிடைத்த பிறகு வரட்டும். மெம்பர்ஷிப், நன்கொடை போன்றவற்றுக்கு, மாதம் எவ்வளவு செலவாகிறது என்ற கணக்குடன் தனிப் பதிவு போடுங்கள். பணம் கேட்கிறீர்கள் என்று தெரிந்தே படிப்பவர், கொடுக்கவும் கொடுக்காமல் போகவும் சுதந்திரமாக இருப்பார்.

நன்றிப் பதிவைப் போடும் முன் கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். கேப்ஷனை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். படித்து முடித்ததும், கேட்பவர் அடுத்து ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றினால், அந்த உணர்வைத் தந்த வரியைக் கண்டுபிடித்து நீக்குங்கள். எதுவும் செய்ய வேண்டாம் என்று தோன்றினால், அப்படியே போஸ்ட் பண்ணிடலாம்.